பாக்கெட் பால்ல எந்த நம்பரைப் பாக்கணும்? டீ, தயிர், புள்ளைங்களுக்கு அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் பாளையங்கோட்டைல சின்னதா ஒரு பலசரக்குக் கடை வச்சிருக்கேன், காலைல அஞ்சரைக்கே பால் டப்பா வந்து இறங்கிரும். அதுக்கு முன்னாடி எட்டு வருசம் தென்காசி பக்கம் ஒரு கிராமத்து பால் சொசைட்டில பால் அளந்து ஃபேட் பாக்குற வேலை. அதனால வாங்க வாரவங்க எல்லாரும் இதையே கேக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அதான் ஒரே எடத்துல எழுதிட்டேன். கேள்வி எல்லாம் அவங்க கேட்ட மாதிரியே இருக்கு.

"அண்ணாச்சி, பாக்கெட்ல 3.0, 8.5-னு ரெண்டு நம்பர் போட்டிருக்கே, அது என்னது?"

மொத நம்பர் ஃபேட், அதாவது கொழுப்பு. ரெண்டாவது எஸ்.என்.எஃப்., கொழுப்பையும் தண்ணியையும் எடுத்துட்டா பால்ல மிச்சம் இருக்குற எல்லாம் அதுதான்: புரதம், பால் சர்க்கரை, சுண்ணாம்புச்சத்து மாதிரி தாது. நூறு கிராம் பால்ல எத்தனை கிராம்னு கணக்கு. அப்போ 3.0, 8.5 போட்ட பால்ல பதினொன்றரை கிராம் சத்து, மிச்சம் எண்பத்தெட்டரை கிராம் தண்ணி. பயப்படாதீங்க, மாட்டு மடியில இருந்து வரும்போதே பால் பெரும்பாலும் தண்ணிதான்.

எஸ்.என்.எஃப். எட்டரைன்னா அதுல பாதிக்கும் மேல பால் சர்க்கரை, புரதம் மூணு கிராம் சொச்சம், மிச்சம் தாது. எல்லாரும் மொத நம்பரை மட்டும் பாத்துட்டுப் போயிருதாங்க. தயிர் கெட்டியா நிக்கிறதும் புள்ளைக்கு புரதம் சேருறதும் ரெண்டாவது நம்பர்லதான் இருக்கு, இத ஞாபகம் வச்சுக்கிட்டா கீழ இருக்குற பாதி கேள்விக்கு பதில் நீங்களே சொல்லிருவீங்க.

"நீலம், பச்சை, ஆரஞ்சுன்னு கலர் கலரா இருக்கு, எது எதுன்னு ஒரு தடவை சொல்லிருங்க"

ஆவின்ல நீலம் டோன்டு பால், 3.0, 8.5. பச்சை ஸ்டாண்டர்டைஸ்டு, 4.5, 8.5. ஆரஞ்சு ஃபுல் கிரீம், 6.0, 9.0. டபுள் டோன்டுன்னு ஒண்ணு இருக்கு, அதுல கொழுப்பு 1.5தான் ஆனா எஸ்.என்.எஃப். 9.0. பொறவு 2023 கடைசில டிலைட்னு ஊதா பாக்கெட் வந்துச்சு, அது 3.5, 8.5, விலை பச்சை விலைதான்.

ஆனா கலர் சட்டம் கெடையாது, ஒவ்வொரு கம்பெனியும் அவங்க இஷ்டத்துக்கு கலர் போடுவாங்க. ஒரு கம்பெனி பச்சையும் இன்னொரு கம்பெனி பச்சையும் ஒண்ணுன்னு நெனச்சு வாங்கிராதீங்க. டோன்டு, ஸ்டாண்டர்டைஸ்டு, ஃபுல் கிரீம்ங்கற பேருக்குத்தான் சட்டத்துல அளவு இருக்கு, அந்தப் பேரையும் நம்பரையும் படிங்க. அப்பிடியே அளவையும் பாத்துக்கோங்க, சில பாக்கெட் பாக்க அரை லிட்டர் மாதிரியே இருக்கும், திருப்பிப் பாத்தா 450 மில்லின்னு பொடி எழுத்துல போட்டிருக்கும்.

"ரெண்டு கம்பெனியிலயும் ஒரே நம்பர்தான், பொறவு ஏன் ருசி வேற வேறயா இருக்கு?"

அங்க போட்டிருக்குறது 'இதுக்குக் குறையக் கூடாது'ங்கற அளவு. 3.0ன்னு போட்டு உள்ள 3.2 இருந்தாலும் தப்பில்ல. அதோட பசும்பால் கூடுதலா, எருமைப்பால் கூடுதலாங்கறது ருசியை மாத்தும், பசும்பால் லேசா மஞ்சளா இருக்கும், எருமைப்பால் வெள்ளைவெளேர்னு. கோடையில பால் வரத்து கொறையும்போது பால் பவுடர் சேத்து நம்பரைச் சரி பண்ணுவாங்க, அது கலப்படம் இல்ல, அனுமதி உள்ளதுதான், ஆனா நாக்கு பழகுனவங்களுக்கு லேசா ஒரு காய்ச்சுன வாசம் தெரியும்.

ஒரே நம்பர் உள்ள ரெண்டு பாக்கெட்ல எது நல்லதுன்னு பாக்கணும்னா பின்னாடி சத்து அட்டவணைல புரதம்ங்கற வரியைப் பாருங்க, நூறு மில்லிக்கு ஒண்ணுல 3.0ன்னும் இன்னொண்ணுல 3.3ன்னும் இருந்தா ரெண்டாவது தயிருக்கு நல்லது. நான் கம்பெனி பேரைப் பாக்காம இந்த ஒரு வரியைத்தான் பாப்பேன்.

"டோன்டு பால்னா தண்ணி கலந்த பால்தானே?"

பாதி சரி. எருமைப்பால்ல கொழுப்பு அதிகம், அதுல தண்ணி சேத்தா கொழுப்பு எறங்கும், ஆனா எஸ்.என்.எஃப்.பும் சேந்து எறங்கிரும், அதுக்காக கொழுப்பு எடுத்த பால் பவுடரைக் கலந்து அதை மறுபடி ஏத்துவாங்க. இதை 1946-ல பம்பாய்ல குரோடிங்கற அதிகாரி ஆரம்பிச்சு வச்சாரு, இருக்குற பாலை நெறைய பேருக்கு கட்டுபடியாகுற விலைல குடுக்கணும்னு. இப்ப பெரும்பாலும் கிரீமைப் பிரிச்சு எடுத்துட்டு நம்பரைச் சரி பண்ணுதாங்க. வெறும் தண்ணி ஊத்துன பால்ல எட்டரை நிக்காது, ரெண்டாவது நம்பர் நிக்குதான்னு பாக்குறதே அதுக்குத்தான்.

"அப்ப ஆரஞ்சு வாங்கி சரிபாதி தண்ணி ஊத்துனா நீலப்பால் ஆயிரும்ல? ரெண்டு லிட்டர் கெடைக்குமே!"

இந்தக் கேள்விய கேட்டது எங்க தெரு ஆச்சி ஒருத்தங்க, ஒரு மாசமா அப்பிடித்தான் பண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க, தயிர் மட்டும் மோர் மாதிரி வருதுன்னு என்கிட்ட சண்டைக்கு வந்தாங்க. கணக்கு போட்டே காட்டுனேன். ஒரு லிட்டர் ஆரஞ்சுல ஒரு லிட்டர் தண்ணி ஊத்துனா கொழுப்பு 6ல இருந்து 3 ஆகும், நீலத்தோட மொத நம்பர் வந்துருச்சு. ஆனா எஸ்.என்.எஃப். 9ல இருந்து 4.5 ஆயிரும், நீலத்துல 8.5 இருக்கணும். அதாவது பாக்க நீலப்பால் மாதிரி, உள்ள புரதம் பாதிதான். அந்தப் பால்ல தயிர் நிக்கவே நிக்காது.

கால் பங்கு ஊத்துனாலும் கதை அதேதான். ஒரு லிட்டர் ஆரஞ்சுக்கு கால் லிட்டர் தண்ணின்னா கொழுப்பு 4.8, எஸ்.என்.எஃப். 7.2. கொழுப்பு பச்சைய விட ஜாஸ்தி, வாய்க்கு வழவழன்னு நல்லா இருக்கும், அதனாலதான் ஏமாந்துருதோம். டீக்கு இது ஓடும். தயிருக்கும் புள்ளைக்கும் ஓடாது. அதுக்கு நேரா நீலமே வாங்கிரலாம், காசும் கொறச்சல்.

"டீக்கு எது நல்லது? கடை டீ மாதிரி வரவே மாட்டேங்கு"

டீத்தூள்ல இருக்குற துவர்ப்பை பால் புரதம் போய் பிடிச்சுக்கும், அதனாலதான் பால் சேத்தா டீ நாக்கைப் பிடிக்காது. கொழுப்பு வேலை வேற, அது அந்த வழவழப்பையும் ருசியையும் குடுக்கும். அதனால டீக்கு ரெண்டு நம்பரும் வேணும். வீட்ல ரெண்டு டம்ளர் டீக்கு நீலப்பால்னா ரெண்டு பங்கு பால் ஒரு பங்கு தண்ணி போடுங்க. ஆரஞ்சுன்னா மூணு பங்கு பாலுக்கு ரெண்டு பங்கு தண்ணி தாராளமா தாங்கும். ஆரஞ்சு கெட்டிதானேன்னு சரிபாதி தண்ணி வச்சா மேல எண்ணெய் மாதிரி படலமும் உள்ள துவர்ப்பும் சேந்து வரும், ஏன்னா கொழுப்பு இருக்கு ஆனா துவர்ப்பைப் பிடிக்க புரதம் பத்தல (மேல ஆச்சி கணக்கு பாருங்க). அப்பிடித்தான் போடணும்னா தூளையும் கொதிக்கிற நேரத்தையும் கொறச்சிருங்க.

கடை டீக்கு வேற காரணம் இருக்கு. அங்க பால் காலைல இருந்து பாய்லர்ல சூடாவே கெடக்கும், தண்ணி ஆவியாகி ஆவியாகி ரெண்டு நம்பருமே ஏறிக்கிட்டே இருக்கும், டிக்காஷனைத் தனியா எறக்கி அந்தப் பால்ல ஊத்துவாங்க. வீட்ல நாம பாலும் தண்ணியும் தூளும் ஒண்ணாப் போட்டுக் கொதிக்க வைக்கோம். நீலப்பாலையே தண்ணி இல்லாம பத்து நிமிசம் சிம்ல வச்சு, கெட்டி டிக்காஷன் தனியா எடுத்து ஊத்திப் பாருங்க, ஜங்ஷன் கடை டீக்கு பக்கத்துல வந்துரும். டபுள் டோன்டுல மட்டும் டீ போடாதீங்க, சப்புன்னு இருக்கும், அது என்னோட அபிப்பிராயம்.

"கருப்பட்டி காப்பி போட்டா பால் திரிஞ்சு போகுது, பாக்கெட் பால் மட்டமா?"

பால் மேல தப்பில்ல. கருப்பட்டில லேசா புளிப்பு உண்டு, கொதிக்கிற பால்ல போட்டா திரியும், அது எந்த நம்பர் பாலா இருந்தாலும். கருப்பட்டியத் தனியா தண்ணில கரைச்சு வடிகட்டி, பாலை அடுப்புல இருந்து எறக்கி ஒரு நிமிசம் விட்டு பொறவு கலக்குங்க. இஞ்சி டீக்கும் அதேதான், பச்சை இஞ்சியை மொதல்ல தண்ணில நல்லா கொதிக்க விட்டு பால் கடைசில. கருப்பட்டி, இஞ்சி எதுவும் போடாம வெறும் பாலே காய்ச்சும்போது திரிஞ்சா அது பால் பழசு, இல்ல வெயில்ல கெடந்தது, கடைக்காரர்ட்ட மாத்திக் கேளுங்க.

"தயிர் கத்தியால வெட்டுற மாதிரி வரணும், எந்த பாக்கெட்?"

தயிர்ங்கறது பால் புரதம் வலை மாதிரி பின்னி தண்ணியப் பிடிச்சு நிக்கிறது. வலை நெருக்கமா இருக்கணும்னா எஸ்.என்.எஃப். வேணும், கொழுப்பு அந்த வலைக்கு நடுவுல உக்காந்து மெதுமெதுன்னு ஆக்கும். அதனால ஆரஞ்சு (6.0, 9.0) தான் மொத எடம். ஆனா காசு பாக்குறவங்களுக்கு நீலத்துலயே வழி இருக்கு, எங்க வீட்ல பண்ணுறதை அப்பிடியே சொல்லுதேன்.

அரை லிட்டர் நீலம் எடை 515 கிராம் வரும், அதுல எஸ்.என்.எஃப். 44 கிராம். பொங்குனதும் அடுப்பை அணைக்காம சிம்ல வச்சு அடிப்பிடிக்காம கிண்டிக்கிட்டே பத்து நிமிசம், பாத்திரத்துல பத்துல ஒரு பங்கு கொறையுற வரைக்கும். தண்ணி 50 கிராம் போனா அதே 44 கிராம் இப்ப 465 கிராம்ல இருக்கு, கிட்டத்தட்ட 9.4 ஆயிருச்சு, ஆரஞ்சு நம்பரைத் தாண்டிருச்சு. அந்தப் பத்து நிமிசத்துக்கு இன்னொரு பலன் உண்டு, கம்பெனில பாலைச் சில நொடிதான் சூடு பண்ணுவாங்க, வீட்ல நீளமா காய்ச்சும்போதுதான் பால்ல இருக்குற மோர்ப் புரதமும் போய் வலையோட ஒட்டிக்கும். கிண்ட நேரம் இல்லைன்னா ஒரு மேசைக்கரண்டி கொழுப்பில்லாத பால் பவுடரைக் கட்டியில்லாம கரைச்சு விட்டுக் காய்ச்சுங்க, அதுவும் கிட்டத்தட்ட அதே கெட்டிக்குக் கொண்டுவந்துரும்.

பொறவு விரல் வச்சா பத்து எண்ணுற வரைக்கும் தாங்குற சூட்டுக்கு ஆற விட்டு, அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் புது தயிர், கலக்கி மண்சட்டில ஊத்தி ஆட்டாம வைங்க. மண்சட்டி கொஞ்சம் தண்ணிய உறிஞ்சும், கெட்டிக்கு அது ஒரு கூடுதல் உதவி. சித்திரை வெயில்ல நம்ம ஊர்ல நாலு மணி நேரத்துல ஒறைஞ்சிரும், குற்றாலத்துல சாரல் அடிக்கிற ஆனி ஆடியில ஏழெட்டு மணி நேரம் கூட ஆகும், அப்ப அடுப்பு மேடைல துணி சுத்தி வைப்பேன்.

"ஆரஞ்சு பால்லதான் ஒறை ஊத்துனேன், அப்பவும் தண்ணி விட்டு நிக்கு, ஏமாத்துதாங்களா?"

நம்பர் சரியா இருந்தாலும் கைப்பக்குவம் தப்புனா தண்ணி விடும். ஒறைத் தயிர் ரெண்டு மூணு கரண்டி ஊத்துனீங்களா, சுட சுட இருக்கும்போதே ஊத்துனீங்களா, ஒறைஞ்ச பொறவும் வெளிலயே நாள் முழுக்க வச்சீங்களா, இந்த மூணுல ஒண்ணா இருக்கும். புளிப்பு ஏற ஏற வலை சுருங்கி தண்ணியப் பிழிஞ்சு தள்ளும். எப்பிடிக் கண்டுபிடிக்கிறதுன்னா அந்தத் தண்ணிய நக்கிப் பாருங்க. புளிச்சா நேரம் கூடிப் போச்சு. புளிக்காம, தயிரும் இளகலா கெடந்தா பாலை சரியா காய்ச்சல, இல்லேன்னா தண்ணி சேந்துருக்கு.

"ஆடையே கட்டல, வெண்ணெயும் திரளல. கொழுப்பே இல்லாத பாலா?"

பாக்கெட்ல ஹோமோஜெனைஸ்டுன்னு போட்டிருக்கான்னு பாருங்க. அதுல கொழுப்பை ரொம்பப் பொடியா உடைச்சு பால் முழுக்கப் பரப்பிருவாங்க, மேல மிதந்து வராது, அதனால ஆடை மெலிசா இருக்கும், கடைஞ்சாலும் திரளாது. கொழுப்பு உள்ளயேதான் இருக்கு. வெண்ணெய் எடுக்கணும்னா அந்த வார்த்தை இல்லாத பாக்கெட்டோ இல்ல பக்கத்துத் தொழுவத்துப் பாலோ வாங்குங்க.

"பேத்திக்கு எட்டு மாசம், நீலப்பால்ல தண்ணி கலந்து குடுக்கலாமா?"

வேண்டாம் மதினி. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், அதுக்கப்புறம் தாய்ப்பாலோட சோறு பருப்பு. ஒரு வயசு முடியற வரைக்கும் எந்தக் கலர் பாக்கெட்டும் குடிக்கிற பாலா வேண்டாம், பசும்பால்ல இரும்புச்சத்து ரொம்பக் கம்மி, அதைக் குடிச்சு வயித்த நெறைச்சா ரத்தசோகை வரும். தாய்ப்பால் பத்தலைன்னா டாக்டர்ட்டதான் கேக்கணும், என் கடைல இல்ல. தண்ணி கலந்து குடுத்தா என்ன ஆகும்னு ஆச்சி கணக்குலயே பாத்தீங்க, வயிறு நெறையும், சத்து போகாது.

"ஒரு வயசுக்கு மேல எது? என் மகனுக்கு ஆறு வயசு, கொஞ்சம் குண்டு, டபுள் டோன்டு குடுக்கவா?"

ஒண்ணுல இருந்து ரெண்டு வயசு வரைக்கும் கொழுப்பு கொறைக்கக் கூடாது, மூளை வளர்ற நேரம், அதனால பச்சையோ ஆரஞ்சோ தண்ணி கலக்காம குடுங்க, ஆரஞ்சு சில புள்ளைங்களுக்கு மந்தமா இருக்கும், அவங்களுக்கு பச்சை சரி. எவ்வளவு பிடிச்சாலும் ஒரு நாளைக்கு 400, 500 மில்லிக்கு மேல வேண்டாம், சோறு எறங்காது, இரும்புச்சத்து கொறையும்.

ரெண்டு வயசுக்கு மேல நீலம் போதும். புரதமும் சுண்ணாம்புச்சத்தும் ரெண்டாவது நம்பர்ல இருக்கு, அது எல்லாப் பாக்கெட்லயும் எட்டரைக்கும் ஒம்போதுக்கும் நடுவுலதான். உங்க மகன் விசயத்துல கணக்கு பாருங்க: 200 மில்லி டம்ளர்ல நீலத்துக்கும் டபுள் டோன்டுக்கும் வித்தியாசம் 25 கலோரி பக்கம். ஒரு டீஸ்பூன் சீனியே 20 கலோரி. நீங்க அந்த டம்ளர்ல ரெண்டு கரண்டி சீனியும் மேல சாக்லேட் பவுடரும் போடுதீங்கன்னு எனக்குத் தெரியும், என் கடைலதான வாங்குதீங்க. அதைக் கொறைங்க, பாலை மாத்த வேண்டாம். கொழுப்பு எடுக்கும்போது வைட்டமின் ஏயும் டியும் சேந்து போயிரும், அதனால நீலமோ டிலைட்டோ வாங்கும்போது இந்த ரெண்டும் சேத்ததுன்னு போட்டிருக்குற பாக்கெட்டா எடுங்க, அதுக்கு ஒரு எஃப் எழுத்தும் கூட்டல் குறியும் சேந்த முத்திரை இருக்கும்.

"லாக்டோமீட்டர் வாங்கிட்டேன். ஆரஞ்சும் நீலமும் ஒரே ரீடிங் காட்டுது, உங்க ஆரஞ்சுல தண்ணி இருக்கு!"

இப்பிடி ஒருத்தர் கடை வாசல்ல நின்னு சத்தம் போட்டாரு. லாக்டோமீட்டர் கொழுப்பைப் பாக்காது, பால் எவ்வளவு கனம்னு மட்டும் பாக்கும். எஸ்.என்.எஃப். பாலைக் கனமாக்கும், கொழுப்பு தண்ணியவிட லேசு, அது கனத்தைக் கொறைக்கும். ஆரஞ்சுல ரெண்டும் கூடுதல், ஒண்ண ஒண்ணு சமன் பண்ணிரும், அதனால ஆரஞ்சும் நீலமும் ரெண்டுமே 30 பக்கத்துல நிக்கும். டபுள் டோன்டு மட்டும் 33 வரைக்கும் போகும், கொழுப்பு கம்மி எஸ்.என்.எஃப். கூடுதல்ங்கறதால. அந்த ரீடிங்கை நம்புனா டபுள் டோன்டுதான் ஊர்லயே கெட்டிப் பால்னு ஆயிரும்!

இதே ஓட்டையைத்தான் பழைய காலத்துல ஏமாத்துறவங்க பிடிச்சாங்க, கிரீமை எடுத்தா ரீடிங் ஏறும், தண்ணி ஊத்துனா எறங்கும், ரெண்டையும் பண்ணுனா மீட்டர் ஒண்ணும் சொல்லாது. அதனாலதான் சொசைட்டில ஆசிட் ஊத்தி மிசின்ல சுத்தி ஃபேட்டைத் தனியா பாத்தோம், இப்ப அனலைசர் வந்துருச்சு. வீட்ல பாக்குறதா இருந்தா ஒரே கலர் பாக்கெட் ரெண்டு நாள்தை ஒப்பிடுங்க, பால் ரூம் சூட்டுல இருக்கணும், சூடா இருந்தா ரீடிங் எறங்கித்தான் காட்டும்.

"பச்சை வரல, ஊதாதான் இருக்குங்கீங்க. நீலமும் ஆரஞ்சும் கலந்துக்கலாமா?"

நல்ல யோசனை. அரை லிட்டர் நீலம், அரை லிட்டர் ஆரஞ்சு கலந்தா கொழுப்பு 4.5, எஸ்.என்.எஃப். 8.75, பச்சையவிட ஒரு பிடி மேல. தண்ணி ஊத்துனா ரெண்டு நம்பரும் விழும், பால்ல பால் ஊத்துனா விழாது. விலைய மட்டும் பாத்துக்கோங்க, 2022 நவம்பர் விலைப்படி ஆவின் நீலம் லிட்டர் 40, பச்சை 44, ஆரஞ்சு 60, அப்ப கலந்த லிட்டர் 50 ஆகும். பச்சை கெடைக்கிற அன்னைக்கு கலக்குறதுல அர்த்தம் இல்ல.

எங்க வீட்ல தெனமும் ஒரு நீலம் ஒரு ஆரஞ்சு, ஆனா கலக்க மாட்டோம். ஆரஞ்சு ராத்திரி ஒறைக்கு, நீலம் காலைல டீக்கும் சின்னவ டம்ளருக்கும். என் வீட்டுக்காரிக்கு மட்டும் ஆரஞ்சுல ஒரு கரண்டி எடுத்து வச்சு காப்பி போடணும், அதுல ஒரு சொட்டு தண்ணி பட்டாலும் கண்டுபிடிச்சிருவா, அவளுக்கு லாக்டோமீட்டரே தேவையில்ல.